மூன்று விடைகளும் சமன், ஒன்றுதான் சரி

பதினொன்றாம் வகுப்பு வேதியியல் பயிற்சித்தாள்களில் தவறாமல் வரும் கேள்விகளில் ஒன்று இது. அமிலம் கலந்த கரைசலில் பெர்மாங்கனேட் அயனி ஹைட்ரஜன் பெராக்சைடுடன் வினைபுரிகிறது. மாங்கனீசு அயனியும் ஆக்சிஜன் வாயுவும் கிடைக்கின்றன. சமன்பாட்டைச் சமன்செய்க.

MnO₄⁻ + H₂O₂ → Mn²⁺ + O₂

அமிலக் கரைசல் என்பதால் ஹைட்ரஜன் அயனியையும் நீரையும் வேண்டிய பக்கத்தில் சேர்த்துக்கொள்ளலாம். எண்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும் மாணவர்களிடமிருந்து இப்படி மூன்று விடைகள் வரக்கூடும்.

(அ) 2 MnO₄⁻ + H₂O₂ + 6 H⁺ → 2 Mn²⁺ + 3 O₂ + 4 H₂O

(ஆ) 2 MnO₄⁻ + 3 H₂O₂ + 6 H⁺ → 2 Mn²⁺ + 4 O₂ + 6 H₂O

(இ) 2 MnO₄⁻ + 5 H₂O₂ + 6 H⁺ → 2 Mn²⁺ + 5 O₂ + 8 H₂O

இரண்டாவதை எண்ணிப் பாருங்கள். மாங்கனீசு இரு பக்கமும் இரண்டு. ஆக்சிஜன் இடப்பக்கம் எட்டும் ஆறும் சேர்ந்து பதினான்கு. வலப்பக்கம் எட்டும் ஆறும் சேர்ந்து அதே பதினான்கு. ஹைட்ரஜன் இரு பக்கமும் பன்னிரண்டு. மின்சுமை இடப்பக்கம் இரண்டு எதிர், ஆறு நேர், ஆக மொத்தம் +4, வலப்பக்கமும் +4. குறை சொல்ல எதுவும் இல்லை. மற்ற இரண்டையும் இதேபோல் எண்ணினால் அவையும் சமன்தான். ஆனாலும் இவற்றில் ஒன்றுக்குத்தான் மதிப்பெண் உண்டு. ஆய்வகத்தில் பியூரெட்டைத் திறந்தாலும் அந்த ஒன்றின்படிதான் வினை நடக்கும்.

அணுக்களும் மின்சுமையும் சரியாக இருந்தும் ஒரு சமன்பாடு தவறாக இருக்க முடியும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். அரைவினை முறை எதற்காக இருக்கிறது என்பதை இந்த ஒரு கேள்வியை வைத்தே விளங்கிக்கொள்ளலாம்.

கூடுதல் விடைகள் எங்கிருந்து வந்தன?

ஹைட்ரஜன் பெராக்சைடுக்குத் தானாகவே சிதையும் குணம் உண்டு. மருந்துக்கடையில் வாங்கிய குப்பியைத் திறந்து பல மாதம் வைத்திருந்தால் அதன் வீரியம் குறைந்துபோவது இதனால்தான்.

2 H₂O₂ → 2 H₂O + O₂

இது தனியாகவே சமன்செய்யப்பட்ட ஒரு சமன்பாடு. சமனான ஒன்றோடு சமனான இன்னொன்றைக் கூட்டினாலும் கழித்தாலும் கிடைப்பது சமனாகவே இருக்கும். (இ)யிலிருந்து இந்தச் சிதைவை ஒரு முறை கழித்தால் (ஆ) வருகிறது. இன்னொரு முறை கழித்தால் (அ) வருகிறது. கழிப்பதற்குப் பதில் கூட்டினால் ஏழு பெராக்சைடு கொண்ட நான்காவது விடை ஒன்று முளைக்கும். கூட்டிக்கொண்டே போனால் இந்தப் பட்டியலுக்கு முடிவே கிடையாது.

ஆகவே அணுக்களை எண்ணுவது மட்டும் இந்தக் கேள்விக்கு ஒரே விடையைத் தராது. எண்ண வேண்டிய வேறொன்று இருக்கிறது. பெர்மாங்கனேட் எத்தனை எலக்ட்ரான்களை வாங்கியது, பெராக்சைடு எத்தனை கொடுத்தது என்பதுதான் அது. ஒரு பொருள் எலக்ட்ரானை இழந்தால் ஆக்சிஜனேற்றம். இன்னொன்று அதைப் பெற்றால் ஒடுக்கம். இரண்டும் சேர்ந்தே நடக்கும், இழந்ததும் பெற்றதும் ஒரே அளவாக இருக்கும். கொடுத்தவர் கணக்கையும் வாங்கியவர் கணக்கையும் தனித்தனி ஏட்டில் எழுதி, கடைசியில் இரண்டையும் ஒப்பிடுவதுதான் அரைவினை முறை. ஒவ்வொரு ஏடும் ஓர் அரைவினை.

வாங்கியவர் கணக்கு

முதலில் பெர்மாங்கனேட்டை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

MnO₄⁻ → Mn²⁺

மாங்கனீசு இரு பக்கமும் ஒன்று என்பதால் அதில் செய்ய வேண்டியது எதுவுமில்லை. அடுத்தது ஆக்சிஜன். இடப்பக்கம் நான்கு இருக்கிறது, வலப்பக்கம் ஒன்றுமில்லை. எங்கே குறைகிறதோ அங்கே குறைகிற அளவுக்கு நீர் மூலக்கூறுகளைச் சேர்க்க வேண்டும்.

MnO₄⁻ → Mn²⁺ + 4 H₂O

நீரைச் சேர்த்ததால் வலப்பக்கம் எட்டு ஹைட்ரஜன் வந்துவிட்டது. அமிலக் கரைசலில் ஹைட்ரஜன் அயனிக்குப் பஞ்சமில்லை. இடப்பக்கம் எட்டு சேர்க்கலாம்.

MnO₄⁻ + 8 H⁺ → Mn²⁺ + 4 H₂O

அணுக்கள் முடிந்தன. இனி மின்சுமை. இடப்பக்கம் −1 உடன் +8 சேர்ந்து +7. வலப்பக்கம் +2. எலக்ட்ரானின் சுமை எதிர்ச்சுமை ஆகையால் அதை நேர்ச்சுமை மிகுந்த பக்கத்தில்தான் சேர்க்க வேண்டும். ஏழை இரண்டாக்க ஐந்து எலக்ட்ரான்கள் தேவை.

MnO₄⁻ + 8 H⁺ + 5 e⁻ → Mn²⁺ + 4 H₂O

ஆக்சிஜனேற்ற எண்ணைக் கொண்டு இதைச் சரிபார்க்கலாம். பெர்மாங்கனேட்டில் மாங்கனீசின் எண் +7; Mn²⁺ அயனியில் +2. வேறுபாடு ஐந்து. எண்ணைத் தொடாமல், மின்சுமையை மட்டும் வைத்தே நாம் அதே ஐந்துக்கு வந்து சேர்ந்திருக்கிறோம். சிக்கலான மூலக்கூறுகளில் ஆக்சிஜனேற்ற எண் காண்பது கடினமாக இருக்கும்போதும் அரைவினை முறை கைகொடுப்பது இதனால்தான்.

இந்த வரிசையை மாற்றக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மையத் தனிமம், பிறகு ஆக்சிஜன், பிறகு ஹைட்ரஜன், கடைசியில் எலக்ட்ரான். நீரைச் சேர்த்தால் ஹைட்ரஜன் கணக்கு மாறும். ஹைட்ரஜன் அயனியைச் சேர்த்தால் மின்சுமைக் கணக்கு மாறும். முதலிலேயே எலக்ட்ரானைப் போட்டவர் பின்னால் அதைத் திருத்த வேண்டி வரும்.

கொடுத்தவர் கணக்கு

இப்போது பெராக்சைடு.

H₂O₂ → O₂

ஆக்சிஜன் இரு பக்கமும் இரண்டு. நீர் தேவையில்லை. இடப்பக்கம் உள்ள இரண்டு ஹைட்ரஜனுக்கு ஈடாக வலப்பக்கம் இரண்டு ஹைட்ரஜன் அயனிகள். அதனால் வலப்பக்கச் சுமை +2 ஆகிறது. அதைப் போக்க அதே பக்கத்தில் இரண்டு எலக்ட்ரான்கள்.

H₂O₂ → O₂ + 2 H⁺ + 2 e⁻

இங்கே ஒரு பழக்கப் பிழை காத்திருக்கிறது. ஆக்சிஜனின் ஆக்சிஜனேற்ற எண் −2 என்று மனப்பாடமாக வைத்திருப்பவர்கள் பெராக்சைடிலும் அதையே போட்டுவிடுவார்கள். பெராக்சைடில் இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதால் ஒவ்வொன்றின் எண்ணும் −1 தான். அது ஆக்சிஜன் வாயுவில் சுழியாகிறது. இரண்டு அணுக்கள், ஆக இரண்டு எலக்ட்ரான்கள். −2 என்று வைத்தவருக்கு நான்கு எலக்ட்ரான்கள் வரும், பின்வரும் கணக்கு முழுவதும் தப்பிப்போகும். அரைவினையை மேலே சொன்ன வரிசைப்படி எழுதியவர் இந்தப் பள்ளத்தில் விழவே வாய்ப்பில்லை. மின்சுமை அவருக்கு இரண்டு என்று காட்டிவிடும்.

இரண்டு அரைவினைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் எலக்ட்ரான்கள் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கின்றன. அப்படித்தான் இருக்க வேண்டும். இரண்டிலும் ஒரே பக்கத்தில் வந்தால் இருவரும் வாங்குகிறார்கள் அல்லது இருவரும் கொடுக்கிறார்கள் என்று ஆகிவிடும். அங்கேயே நின்று பிழையைத் தேட வேண்டும். மேற்கொண்டு போவதில் பயனில்லை.

இரண்டையும் சேர்த்தல்

பெர்மாங்கனேட் ஒன்றுக்கு ஐந்து எலக்ட்ரான்கள் வேண்டும். பெராக்சைடு ஒன்று கொடுப்பது இரண்டு. ஐந்துக்கும் இரண்டுக்கும் பொதுவான சிறிய மடங்கு பத்து. பெர்மாங்கனேட் அரைவினையை இரண்டாலும் பெராக்சைடு அரைவினையை ஐந்தாலும் பெருக்குவோம். பெருக்கும்போது அரைவினையில் உள்ள எல்லா உறுப்புகளையும் பெருக்க வேண்டும். நீரையோ ஹைட்ரஜன் அயனியையோ பெருக்காமல் விட்டுவிடுவதுதான் விடைத்தாள்களில் அதிகம் காணப்படும் கவனப் பிழை.

2 MnO₄⁻ + 16 H⁺ + 10 e⁻ → 2 Mn²⁺ + 8 H₂O

5 H₂O₂ → 5 O₂ + 10 H⁺ + 10 e⁻

கூட்டும்போது பத்து எலக்ட்ரான்களும் இரு பக்கமும் அடிபட்டுப் போகின்றன. ஹைட்ரஜன் அயனி இடப்பக்கம் பதினாறு, வலப்பக்கம் பத்து. மிஞ்சுவது இடப்பக்கம் ஆறு.

2 MnO₄⁻ + 5 H₂O₂ + 6 H⁺ → 2 Mn²⁺ + 5 O₂ + 8 H₂O

(இ) வந்துவிட்டது. வேறு எதற்கும் இடமில்லாமல் அது ஒன்றே வந்தது.

அப்படியானால் (ஆ) சொல்வது என்ன? அதிலும் இரண்டு பெர்மாங்கனேட்டுகள் பத்து எலக்ட்ரான்களை வாங்குகின்றன. ஆனால் மூன்று பெராக்சைடுகளால் ஆறுதான் கொடுக்க முடியும். மீதி நான்கு எங்கிருந்து? வலப்பக்கம் நான்கு ஆக்சிஜன் மூலக்கூறுகள் இருப்பதைக் கவனியுங்கள். மூன்று பெராக்சைடுகளிலிருந்து மூன்றுதான் வரும். நான்காவது மூலக்கூறு, நீரிலோ பெர்மாங்கனேட்டிலோ ஏற்கெனவே −2 நிலையில் இருக்கும் ஆக்சிஜனிலிருந்து வந்தாக வேண்டும். அந்த நான்கு எலக்ட்ரான்களை அதுவே கொடுத்தாக வேண்டும். இந்த வினையில் அப்படி நடப்பதில்லை. பெராக்சைடில் உள்ள ஆக்சிஜன் அணுக்களுக்கு ஐசோடோப்பு அடையாளமிட்டுச் செய்த ஆய்வுகளில், வெளிவரும் ஆக்சிஜன் வாயு முழுவதும் பெராக்சைடிலிருந்தே வருவது தெரிந்தது. (ஆ) அணுக்களின் எண்ணிக்கையில் நேர்மையாக இருக்கிறது. எலக்ட்ரான் யாருடையது என்பதில் பொய் சொல்கிறது.

பியூரெட் தரும் தீர்ப்பு

ஹைட்ரஜன் பெராக்சைடை 1818-இல் பிரெஞ்சு வேதியியலாளர் தெனார் கண்டறிந்தார். பெர்மாங்கனேட்டை அளவிடு கரைசலாகப் பயன்படுத்தி இரும்பின் அளவைக் காணும் முறையை 1846-இல் மார்கரீத் கொண்டுவந்தார். நம் பிளஸ் டூ மாணவர்கள் செய்முறைத் தேர்வில் இரும்பு உப்பையும் ஆக்சாலிக் அமிலத்தையும் பெர்மாங்கனேட்டால் தரம்பார்ப்பது அந்த வழியில் வந்ததுதான். அதே கருவிகளைக் கொண்டு மேலே உள்ள மூன்று விடைகளையும் சோதித்துவிடலாம்.

3 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடு கரைசலை எடுத்துக்கொள்வோம். லிட்டருக்கு 30 கிராம். பெராக்சைடின் மோலார் நிறை 34 கிராம் என்பதால் லிட்டருக்கு ஏறக்குறைய 0.88 மோல். இந்த வீரியத்தைப் பெர்மாங்கனேட்டின் துணையில்லாமல் தனியாக உறுதிசெய்ய முடியும். முழுவதும் சிதைந்தால் ஒரு மில்லிலிட்டர் கரைசலிலிருந்து, திட்ட வெப்ப அழுத்த நிலையில் அளந்தால், சுமார் 10 மில்லிலிட்டர் ஆக்சிஜன் வரும். குப்பிகளில் இதைத்தான் ‘10 வால்யூம்’ என்று குறிப்பிடுவார்கள்.

இதைப் பத்து மடங்கு நீர்த்து, அதில் 10 மில்லிலிட்டரைப் பிப்பெட்டால் கூம்புக் குடுவையில் எடுத்தால் அதில் 0.88 மில்லிமோல் பெராக்சைடு இருக்கும். 20 மில்லிலிட்டர் நீர்த்த சல்பியூரிக் அமிலத்தைச் சேர்த்து, பியூரெட்டிலிருந்து 0.02 மோலார் பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். விழும் ஊதா நிறம் மறைந்துகொண்டே இருக்கும், வாயுக்குமிழ்கள் எழும். பெராக்சைடு தீர்ந்த கணத்தில் அடுத்து விழும் சொட்டின் நிறம் மறையாது. மெல்லிய இளஞ்சிவப்பு அரை நிமிடம் நிலைத்தால் அதுவே முடிவுநிலை. தனியாக நிறங்காட்டி தேவையில்லை.

இந்த முடிவுநிலை எங்கே வர வேண்டும்? (இ) சரியென்றால் 0.88-ஐ இரண்டால் பெருக்கி ஐந்தால் வகுக்க, 0.352 மில்லிமோல் பெர்மாங்கனேட் தேவை, அது 17.6 மில்லிலிட்டர். (ஆ) சரியென்றால் 29.3 மில்லிலிட்டர். (அ) சரியென்றால் 88 மில்லிலிட்டர். 50 மில்லிலிட்டர் பியூரெட்டை ஒரு முறை முழுக்கக் காலிசெய்து மீண்டும் நிரப்ப வேண்டியிருக்கும். மூன்றும் ஒன்றுக்கொன்று மிகத் தொலைவில் இருக்கின்றன. கவனமாகச் செய்பவருக்கு 17.6-ஐ ஒட்டித்தான் அளவு வரும். மருந்துக் கரைசல்களின் வீரியத்தைச் சோதிக்கும் ஆய்வகங்கள் இந்த 2 : 5 விகிதத்தை நம்பித்தான் கணக்கிடுகின்றன.

இதைத் திருப்பியும் போடலாம். பழைய குப்பி ஒன்றை அதேபோல் நீர்த்துச் சோதித்ததில் 14.1 மில்லிலிட்டரில் முடிவுநிலை வந்ததாக வைத்துக்கொள்வோம். பெர்மாங்கனேட் 0.282 மில்லிமோல், அதை 5/2 ஆல் பெருக்கினால் பெராக்சைடு 0.705 மில்லிமோல். நீர்த்ததைக் கணக்கில் கொண்டால் குப்பியில் லிட்டருக்கு 0.705 மோல், அதாவது சுமார் 24 கிராம். மூன்று விழுக்காடாக இருந்தது 2.4 ஆகக் குறைந்திருக்கிறது. (ஆ)வை நம்பி 3/2 ஆல் பெருக்கியவர் 1.4 விழுக்காடு என்று எழுதி, பயன்படும் குப்பியைக் குப்பையில் போடச் சொல்லியிருப்பார்.

அமிலம் ஏன் இவ்வளவு?

சமன்பாட்டின்படி 0.352 மில்லிமோல் பெர்மாங்கனேட்டுக்கு வேண்டிய ஹைட்ரஜன் அயனி வெறும் 1.06 மில்லிமோல். சேர்க்கும் அமிலமோ ஒரு மோலார் செறிவு என்றாலும் அதைவிடப் பல மடங்கு அதிகம். காரணம், பெர்மாங்கனேட் எந்தப் பொருளாக மாறும் என்பதையே அமிலத்தின் செறிவுதான் முடிவுசெய்கிறது. அமிலம் தாராளமாக இருந்தால் நிறமற்ற Mn²⁺ வரை போகும். அமிலம் போதாவிட்டால் பாதி வழியில் நின்று, மாங்கனீசு டை ஆக்சைடு என்னும் பழுப்புத் திண்மமாக விழும். குடுவையில் பழுப்பு நிறக் கலங்கல் தெரிந்தால் அந்தச் சோதனையை அப்படியே விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும். அங்கே நடப்பது நாம் எழுதிய சமன்பாடு அல்ல.

அமிலத்தின் வகையும் முக்கியம். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சேர்த்தால் அதன் குளோரைடு அயனியே பெர்மாங்கனேட்டுக்கு எலக்ட்ரான் கொடுத்துக் குளோரினாக மாறக்கூடும். பியூரெட் அளவு கூடிவிடும். நைட்ரிக் அமிலம் தானே ஓர் ஆக்சிஜனேற்றி. அது பெராக்சைடு கணக்கில் குறுக்கிடும். சல்பேட் அயனி இந்தக் கொடுக்கல் வாங்கலில் தலையிடாது என்பதால்தான் சல்பியூரிக் அமிலம். ஆக்சாலிக் அமிலச் சோதனையில் செய்வதுபோல் இங்கே குடுவையைச் சூடாக்கவும் கூடாது. சூட்டில் பெராக்சைடு தானாகச் சிதைந்து, பெர்மாங்கனேட்டுக்கு வேலையே இல்லாமல் போகும்.

காரக் கரைசலில் அதே இணை

பயிற்சித்தாளின் அடுத்த வரி பெரும்பாலும் இப்படி இருக்கும்: இதே வினையைக் கார ஊடகத்தில் சமன்செய்க. இம்முறை விளைபொருள் MnO₂ என்று கேள்வியிலேயே கொடுத்திருப்பார்கள். அதைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். என்ன பொருள் உண்டாகும் என்பதை அரைவினை முறையால் கண்டுபிடிக்க முடியாது. அது ஆய்வகத்தில் பார்த்து அறிய வேண்டியது. மிக வலுவான காரத்தில் சில பொருள்களோடு பெர்மாங்கனேட் ஒரே ஒரு எலக்ட்ரானை வாங்கி, பச்சை நிற மாங்கனேட் அயனியாக நின்றுவிடுவதும் உண்டு. பொருள் இன்னதென்று தெரிந்த பிறகு எண்களைத் தருவதுதான் இந்த முறையின் வேலை.

காரத்துக்கென்று தனி விதிகளை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. முதலில் அமிலக் கரைசல் என்றே வைத்துக்கொண்டு முழுக்கச் சமன்செய்துவிட வேண்டும், கடைசியில் மாற்றிக்கொள்ளலாம்.

MnO₄⁻ → MnO₂

ஆக்சிஜன் வலப்பக்கம் இரண்டு குறைவு, இரண்டு நீர். ஹைட்ரஜன் இடப்பக்கம் நான்கு. மின்சுமை இடப்பக்கம் +3, வலப்பக்கம் சுழி. ஆகவே மூன்று எலக்ட்ரான்கள்.

MnO₄⁻ + 4 H⁺ + 3 e⁻ → MnO₂ + 2 H₂O

பெராக்சைடின் அரைவினையில் மாற்றமில்லை. மூன்றுக்கும் இரண்டுக்கும் பொது மடங்கு ஆறு. முதலாவதை இரண்டாலும் அடுத்ததை மூன்றாலும் பெருக்கிக் கூட்டினால் ஹைட்ரஜன் அயனி இடப்பக்கம் எட்டிலிருந்து வலப்பக்க ஆறு போக இரண்டு மிஞ்சும்.

2 MnO₄⁻ + 3 H₂O₂ + 2 H⁺ → 2 MnO₂ + 3 O₂ + 4 H₂O

எண்ணிக்கை சரி. ஆனால் காரக் கரைசலில் ஹைட்ரஜன் அயனி இப்படிக் கையில் எடுத்துக் கொடுக்கும் அளவுக்குக் கிடையாது. அங்கே நிறைந்திருப்பது ஹைட்ராக்சைடு அயனி. எனவே மிஞ்சியிருக்கும் ஹைட்ரஜன் அயனிக்குச் சமமாக இரு பக்கமும் ஹைட்ராக்சைடைச் சேர்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சேர்ப்பது இங்கே நடக்கும் பெரிய பிழை. இரு பக்கமும் சேர்த்தால்தான் சமன் கெடாது.

2 MnO₄⁻ + 3 H₂O₂ + 2 H⁺ + 2 OH⁻ → 2 MnO₂ + 3 O₂ + 4 H₂O + 2 OH⁻

இடப்பக்கம் இரண்டு ஹைட்ரஜன் அயனிகளும் இரண்டு ஹைட்ராக்சைடுகளும் சேர்ந்து இரண்டு நீராகின்றன. வலப்பக்கம் நான்கு நீர் இருப்பதால் இரண்டிரண்டாக அடித்துவிடலாம்.

2 MnO₄⁻ + 3 H₂O₂ → 2 MnO₂ + 3 O₂ + 2 H₂O + 2 OH⁻

மின்சுமை இரு பக்கமும் −2. இறுதி விடையில் ஹைட்ரஜன் அயனியும் ஹைட்ராக்சைடும் சேர்ந்து தென்பட்டால் வேலை முடியவில்லை என்று பொருள். நீர் இரு பக்கமும் இருந்தாலும் அப்படியே.

இந்தச் சமன்பாடு இன்னொரு செய்தியையும் சொல்கிறது. அமிலத்தில் பெர்மாங்கனேட் ஹைட்ரஜன் அயனியைச் செலவழித்தது. இங்கே அது ஹைட்ராக்சைடை உண்டாக்குகிறது. வினை நடக்க நடக்கக் கரைசலின் காரத்தன்மை கூடும். விகிதமும் மாறிவிட்டது: அங்கே 2 : 5, இங்கே 2 : 3. ஒரே பெயருள்ள இரண்டு பொருள்கள், ஒரே குடுவை. ஊடகம் மாறியதும் பெர்மாங்கனேட் வாங்கும் எலக்ட்ரான் ஐந்திலிருந்து மூன்றாகிவிடுகிறது. கேள்வியில் ‘அமில ஊடகம்’, ‘கார ஊடகம்’ என்று போட்டிருப்பதை வெறும் அலங்காரமாகக் கடந்துபோகக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டியதில்லை.

அப்படியென்றால் காரத்திலும் தரம்பார்த்து 2 : 3 விகிதத்தைச் சரிபார்க்கலாமா? இங்கே அது நடக்காது. உண்டாகும் மாங்கனீசு டை ஆக்சைடு, பெராக்சைடின் சிதைவுக்கு நல்ல வினையூக்கி. பழுப்புத் துகள்கள் தோன்றியதும் பெராக்சைடு பெர்மாங்கனேட்டைப் பொருட்படுத்தாமல் தானே நீராகவும் ஆக்சிஜனாகவும் சிதையத் தொடங்கும். வாயு மிகுதியாக வரும். பெர்மாங்கனேட் குறைவாகச் செலவாகும். பியூரெட் அளவு ஒவ்வொரு முறையும் வேறாக வரும். தாளில் பிழையில்லாத சமன்பாடு, குடுவையில் இன்னொரு வினையோடு போட்டியிட வேண்டியிருக்கிறது. முதலில் பார்த்த கூடுதல் விடைகளைப் பிறப்பித்த அதே சிதைவு, இங்கே உண்மையாகவே நடந்து கணக்கைக் கலைக்கிறது. அமிலக் குடுவையில் பழுப்பு தென்பட்டதும் சோதனையைக் கைவிடச் சொன்னதற்கும் இதுவே காரணம்.

விடையை எப்படிச் சரிபார்ப்பது?

பாடப்புத்தகங்கள் வழக்கமாகச் சொல்வது இரண்டு சோதனைகள். ஒவ்வொரு தனிமத்தின் அணுக்களும் இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். மொத்த மின்சுமையும் ஒன்றாக இருக்க வேண்டும். சுழியாக இருக்க வேண்டும் என்பதில்லை. +4 ஆனாலும் −2 ஆனாலும் இரு பக்கமும் ஒன்றே என்றால் போதும். பெரும்பாலான கேள்விகளுக்கு இந்த இரண்டும் போதுமானவை. இரும்பு அயனியோடு பெர்மாங்கனேட் புரியும் வினையில் எலக்ட்ரான் கொடுக்க இரும்பைத் தவிர வேறு வழி இல்லை. ஆகவே அங்கே ஒரே விடைதான் அமையும்.

ஆக்சிஜன் தானே எலக்ட்ரான் கொடுக்கும் வினைகளில் மூன்றாவது சோதனை தேவை. முடிவுச் சமன்பாட்டை எடுத்துக்கொண்டு, ஆக்சிஜனேற்றியின் எண்ணை அது வாங்கும் எலக்ட்ரான்களாலும், ஒடுக்கியின் எண்ணை அது கொடுக்கும் எலக்ட்ரான்களாலும் பெருக்கிப் பார்க்க வேண்டும். அமில வினையின் (இ) விடையில் இரண்டு ஐந்து பத்து, ஐந்து இரண்டு பத்து. காரத்தில் இரண்டு மூன்று ஆறு, மூன்று இரண்டு ஆறு. (ஆ)வில் பத்துக்கு எதிரே ஆறு நிற்கிறது. (அ)வில் பத்துக்கு எதிரே இரண்டு. ஒரு வரிப் பெருக்கல்தான்; அரை நிமிடம்கூட ஆகாது. பெராக்சைடு இடம்பெறும் எந்தக் கேள்வியானாலும் விடைத்தாளின் ஓரத்தில் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்த்த பிறகே அடுத்த கேள்விக்குப் போக வேண்டும்.